இருகருத்து வினா: ஒரு கட்டத்துக்குள் இரண்டு பதில்

கருத்தாய்வுப் படிவம் தயாரிப்பவர்கள் ‘டபுள் பேரல்ட் கேள்வி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டு, பதில் எழுத ஒரே ஒரு கட்டம் மட்டும் கொடுப்பதற்கு அந்தப் பெயர். ‘சமூக மன்றத்தின் தமிழ் வகுப்புகள் பயனுள்ளவையாகவும் கட்டணம் குறைந்தவையாகவும் உள்ளனவா?’ என்று கேட்டு, கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு தெரிவுகள் தந்தால் அது இந்த வகை. வகுப்பு நல்ல வகுப்பு, ஆனால் கட்டணம் கையைக் கடிக்கிறது என்று நினைப்பவர் எதில் கோடு போடுவார்?

பெயர் துப்பாக்கியிலிருந்து வந்தது. பேரல் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய்ப் பீப்பாய்தான். அகராதியைப் பார்த்து ‘இரட்டைப் பீப்பாய்க் கேள்வி’ என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். ஆங்கிலத்தில் துப்பாக்கியின் குழலுக்கும் அதே சொல். வேட்டைக்குப் பயன்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கியில் பிறந்த இந்த அடைமொழி, பிறகு இரண்டு பகுதிகள் உள்ள எதற்கும் பரவியது. சிறு கோடிட்டு இணைத்து எழுதும் இரட்டைக் குடும்பப் பெயரையும் இப்படித்தான் சொல்வார்கள். துப்பாக்கியில் இரண்டு குழல் இருப்பது வசதி. முதல் குண்டு தவறினால் உடனே அடுத்தது. கேள்வியிலோ அதுவே குறை, ஏனென்றால் எந்தக் குண்டு பட்டது என்று சுட்டவருக்கே தெரியாது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘இரட்டைக்குழல் வினா’ என்பது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறது, பொருளைச் சொல்லவில்லை. ‘இருபொருள் வினா’ பார்க்க அழகு, ஆனால் தவறான இடத்துக்கு அழைத்துப் போகும். இருபொருள் என்றதும் நமக்குச் சிலேடை நினைவுக்கு வரும். சிலேடையில் ஒரே சொல் இரண்டு பொருள் தரும். இங்கே சொற்கள் எல்லாம் தெளிவாகவே இருக்கும், கேட்கப்படும் கருத்துதான் இரண்டு. ‘கூட்டு வினா’ என்பது பரவாயில்லை என்றாலும், நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் பல கேள்விகளைச் சேர்த்துக் கேட்பதற்கு அதை ஒதுக்கி வைக்கலாம். எழுத்தில் ‘இருகருத்து வினா’, பேச்சில் ‘இரட்டைக் கேள்வி’ என்பது என் தேர்வு.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள நன்னூல் கை கொடுக்கும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கணம் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பிரிக்கிறது. ஒருவர் ‘ஆம்’ என்று உடன்படலாம், அது நேர்விடை. ‘இல்லை’ என்று மறுக்கலாம், அது மறைவிடை. கேள்விக்குப் பதிலாகக் கேள்வியே கேட்கலாம். கேட்டதற்கு நேராகச் சொல்லாமல் அதற்கு இனமான வேறொன்றைச் சொல்லலாம், அது இனமொழி. ‘உங்கள் பிள்ளை வீட்டில் தமிழ் பேசவும் வாசிக்கவும் செய்கிறாரா?’ என்று ஒரு தாயிடம் நேரில் கேட்டுப் பாருங்கள். ‘பாட்டிகிட்ட நல்லா பேசுவான்’ என்பார். அது இனமொழி. அல்லது, ‘எதைக் கேட்கிறீங்க, பேசுறதையா, படிக்கிறதையா?’ என்று திருப்பிக் கேட்பார். இரண்டுமே நேர்மையான பதில்கள். படிவம் இந்த வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு நேரையும் மறையையும் மட்டும் திறந்து வைக்கிறது. அந்தத் தாய் வேறு வழியில்லாமல் ஏதோ ஒன்றில் கோடு போடுகிறார்.

அந்தக் கோட்டை எண்ணிப் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இதே கேள்வியை ஒரு வட்டாரத்தில் வாசிப்பு வட்டம் தொடங்க நினைப்பவர்கள் 40 பெற்றோரிடம் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 16 பேர் ‘ஆம்’, 24 பேர் ‘இல்லை’. பாதிக்கு மேல் இல்லை என்றதும் கூட்டத்தில் ஒருவர், ‘பிள்ளைங்க வீட்டில தமிழே பேசறதில்ல, முதல்ல பேச்சுப் பயிற்சி வைப்போம்’ என்பார். சரிதானே என்று எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஆனால் அந்த 24க்குள் மூன்று வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள் என்பவர்கள் 15 பேர் என்று கொள்வோம். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், ஆனால் தமிழ்க் கதைப் புத்தகம் வாசிப்பவர்கள் 3 பேர். இரண்டும் இல்லாதவர்கள் 6 பேர். அப்படியானால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் 16உம் 15உம் சேர்ந்து 31. வாசிப்பவர்கள் 16உம் 3உம் சேர்ந்து 19. பேச்சுப் பயிற்சி தேவைப்படுவது 9 பேருக்கு, வாசிப்புக்கு உதவி தேவைப்படுவது 21 பேருக்கு. குழு எடுத்த முடிவு சிறிய தேவைக்குப் போய்விட்டது. இரண்டு விஷயங்களைக் கேட்டால் நான்கு நிலைகள் உண்டாகும்: இரண்டும் உண்டு, முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும் இல்லை. இரண்டு கட்டங்களில் நான்கை அடைக்கும்போது ‘ஆம்’ ஓரளவு தெளிவாக இருக்கும், மற்ற மூன்றும் ‘இல்லை’க்குள் விழும். விழுவதுகூட ஒழுங்காக நடக்காது. 15 பேரில் சிலர் ‘பேசறானே, அது போதும்’ என்று ‘ஆம்’ போட்டிருப்பார்கள். ஆகவே அந்த 16ஐயும் முழுதாக நம்ப முடியாது. படிவங்கள் திரும்பி வந்த பிறகு இதைச் சரிசெய்யும் கணக்கு எதுவும் கிடையாது. கேட்காததை எண்ணில் இருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஆம், இல்லைக்குப் பதிலாக 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். இன்னும் மோசமாகும் என்பேன். பேச்சுக்கு 5, வாசிப்புக்கு 1 என்று மனதில் வைத்திருப்பவர் நடுவில் 3 போடுவார். உண்மையிலேயே இரண்டும் சுமார் என்பவரும் 3 போடுவார். பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. ஒரு கேள்விக்கு மட்டும் நடு எண் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தாலோ, பலர் அந்தக் கேள்விக்குப் பதில் போடாமலே தாண்டிப் போயிருந்தாலோ, ஓரத்தில் ‘பேசுவான், ஆனா…’ என்று கிறுக்கியிருந்தாலோ அந்தக் கேள்வியைச் சந்தேகப்படலாம். அதற்கு முன்பே கண்டுபிடிப்பது நல்லது. ஐந்தாறு பேரிடம் படிவத்தைக் கொடுத்து, கேள்வியைத் தங்கள் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சைப் பற்றியும் இன்னொருவர் வாசிப்பைப் பற்றியும் சொன்னால், கேள்வி இரண்டு என்று தெரிந்துவிடும்.

தமிழில் இந்தக் குற்றத்தின் முதல் அடையாளம் ‘உம்’. ‘மின்தூக்கியும் நடைபாதையும் சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் உள்ளனவா?’ என்ற கேள்வியில் நான்கு ‘உம்’, உள்ளே நான்கு கேள்விகள். எழுவாயிலேயே இரண்டு ஆட்கள் ஒளிந்திருப்பதும் உண்டு: ‘நீங்களும் உங்கள் துணைவரும் பிள்ளையுடன் தமிழில் பேசுகிறீர்களா?’ அம்மா தமிழிலும் அப்பா ஆங்கிலத்திலும் பேசும் வீடு சிங்கப்பூரில் அபூர்வமா என்ன! ‘உம்’மைத் தேடிப் பிடிப்பது சுலபம். பிடிபடாதவை வேறு. ‘வீட்டுப்பாடம் அதிகமாக இருப்பதால் உங்கள் பிள்ளை தமிழ் வாசிப்பதில்லையா?’ என்பதில் ‘உம்’ இல்லை. ஆனால் பிள்ளை வாசிப்பதில்லை என்பது ஒன்று, காரணம் வீட்டுப்பாடம் என்பது இன்னொன்று. ‘இல்லை’ என்ற பதில் எதை மறுக்கிறது? ‘நூலகத்துக்குச் சென்று தமிழ்ப் புத்தகம் எடுக்கிறீர்களா?’ என்பதில் ‘சென்று’ என்ற வினையெச்சம் ஒரு கேள்வியைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவருகிறது. நூலகம் போகாமலே மின்புத்தகம் எடுப்பவர் என்ன சொல்வது?

என்னிடம் உள்ள சோதனை ஒன்றே ஒன்று. ஒரு பாதிக்கு ‘ஆம்’, மறு பாதிக்கு ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஓர் ஆளைக் கற்பனை செய்ய முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் ‘உம்’ இருந்தாலும் விட்டுவிடலாம். ‘சோறும் குழம்பும் போதுமான அளவு கிடைத்ததா?’ என்பதை நான் பிரிக்க மாட்டேன், பரிமாறியவர் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்தார். கேக்கும் காப்பியும் என்றால் பிரிப்பேன்.

சரி, நம் கேள்வியைப் பிரிப்போம். ‘பேசுகிறாரா? வாசிக்கிறாரா?’ என்று இரண்டாக வெட்டினால் மட்டும் போதாது. பிரிக்கும்போதுதான் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு மங்கலாக இருந்தது என்று தெரியும். சிங்கப்பூர் வீட்டில் ஒரே பிள்ளை தாத்தாவிடம் தமிழிலும் தம்பியிடம் ஆங்கிலத்திலும் பேசும். ஆகவே பேச்சைப் பற்றிய கேள்வி ஆளைச் சொல்ல வேண்டும். வாசிப்பைப் பற்றிய கேள்வி காலத்தைச் சொல்ல வேண்டும், பள்ளிப் பாடத்தை ஒதுக்கவும் வேண்டும். எழுதினால் இப்படி வரும்:

‘உங்கள் பிள்ளை உங்களிடம் பெரும்பாலும் எந்த மொழியில் பேசுவார்?’

‘வீட்டில் தாத்தா அல்லது பாட்டி இருக்கிறாரா?’ இருந்தால் மட்டும், ‘அவரிடம் பிள்ளை பெரும்பாலும் எந்த மொழியில் பேசுவார்?’

‘கடந்த 7 நாளில், பள்ளிப் பாடம் தவிர, பிள்ளை தமிழில் ஏதாவது வாசித்தாரா?’

நடுவில் உள்ளது வடிகட்டும் கேள்வி. அது இல்லாவிட்டால் தாத்தா பாட்டி இல்லாத வீட்டுக்காரர் எதையாவது போட்டு வைப்பார். ‘தாத்தா அல்லது பாட்டி’ என்றும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருவரிடமும் வெவ்வேறு மொழி பேசும் வீடு இருந்தால் அதையும் பிரிக்கத்தான் வேண்டும். இந்தப் படிவத்துக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்று நான் விட்டிருக்கிறேன். பிரிப்பதற்கும் விலை உண்டு. ஒரு கேள்வி நான்கானது. எல்லாவற்றையும் இப்படிப் பிரித்தால் படிவம் நீண்டு, கடைசிப் பக்கத்துக்கு வருபவர் படிக்காமலே கோடு போடுவார். அதனால் எந்தப் பதில் முடிவை மாற்றும் என்று பார்த்து, மாற்றாததைத் தூக்கிவிடுவது நல்லது. இன்னொன்று, போன ஆண்டு இரட்டைக் கேள்வியாகக் கேட்டதையும் இந்த ஆண்டு பிரித்துக் கேட்டதையும் பக்கத்தில் வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று பேசக்கூடாது. அவை வேறு கேள்விகள்.

இங்கே ஒரு சிக்கல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் வரும். பெரிய கருத்தாய்வுகளின் படிவம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சீனம், மலாய், தமிழுக்குப் போகும். மூலத்திலேயே இரட்டைக் கேள்வி இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதைத் தானாகப் பிரிக்க முடியாது. பிரித்தால் தமிழ்ப் படிவத்தில் ஒரு கேள்வி கூடிவிடும், மற்ற மூன்று மொழிகளின் பதில்களோடு சேர்த்து எண்ண முடியாது. ஒரு பாதியை மட்டும் மொழிபெயர்த்து ‘தெளிவாக்குவது’ இன்னும் தப்பு, தமிழில் பதில் சொன்னவர்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். செய்யக்கூடியது, ‘இதில் இரண்டு கருத்து இருக்கிறது, பிரித்துத் தாருங்கள்’ என்று ஓரத்தில் குறித்து, நான்கு மொழிகளுக்கும் ஒன்றாக மாறும்படி மூலத்தை எழுதியவருக்குத் திருப்பி அனுப்புவது. அங்கே மாற்ற மறுத்தால், இரண்டு ‘உம்’மையும் அப்படியே வைத்து அனுப்ப வேண்டியதுதான்.