‘ஒரு கவிதை வேணும்’ என்று மட்டும் வந்தால்

வாழ்த்துமடல், அழைப்பிதழ், பிளெக்ஸ் வாசகம் என்று எழுதிக் கொடுக்கிற எல்லோருக்கும் இந்தச் செய்தி ஒரு நாளாவது வந்திருக்கும். ‘வணக்கம். ஒரு கவிதை வேணும்.’ அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. யாருக்கு, எதற்காக, மரபா புதுசா, தமிழிலா வேறு மொழியிலா, எதுவும் தெரியாது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, பதிலுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்புவது: தலைப்பு என்ன, எத்தனை வரி, எந்த வடிவம், என்ன நிகழ்ச்சி. கேட்டவர் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தால் முதல் செய்தியிலேயே சொல்லியிருப்பார். விடை தெரியாத கேள்விகள் நாலு சேர்ந்து வந்தால் மனிதர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார். இரண்டாவது தவறு, ‘அம்மா’ என்றோ ‘காதல்’ என்றோ நாமே தலைப்பு வைத்து முப்பது வரி எழுதி அனுப்பிவிடுவது. அம்மாவை இழந்து பத்து நாள்கூட ஆகாதவராக அவர் இருக்கலாம். காதல் கவிதையோ, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரியாத வரையில் விடுகதைதான்.

சரியான வழி இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. யாரையும் உறுத்தாத ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொண்டு, அதையே மூன்று வடிவத்தில் எழுதி, ‘இதில் எது?’ என்று கேட்பது. காட்சி ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது முக்கியம். மழையை வெண்பாவிலும் அப்பாவைப் புதுக்கவிதையிலும் கொடுத்து அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், பிடித்தது வடிவமா அப்பாவா என்று நமக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்: மழை விட்ட வாசல், கரைந்துபோன கோலம். இதில் வயது, சாதி, மதம், உறவு என்று எதுவும் பெரிதாகச் சிக்காது.

முதல் தெரிவு இரண்டடி, குறள் வெண்பா:

கோலம் கரைந்தாலென் கொட்டும் மழைவிட்டால்
காலைப் புதுக்கோலம் காண்.

இரண்டாவது மூன்று வரி, ஹைக்கூ:

மழை விட்ட வாசல்.
கரைந்த கோலத்தின் மேல்
யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

மூன்றாவது எட்டு வரி, புதுக்கவிதை:

மழை விட்டதும்
வாசலுக்கு வந்தவள்
மாவு டப்பாவைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் நின்றாள்.
கரைந்த கோலத்தைத் தேடி
வரிசையாய் வந்த எறும்புகள்
கோடு இருந்த இடத்திலேயே
திரும்பிக்கொண்டிருந்தன.

அனுப்பும்போது ‘வெண்பா’, ‘ஹைக்கூ’ என்ற பெயர்களைப் போட வேண்டாம். 1, 2, 3 என்று எண் போட்டு, ‘மூணும் ஒரே விஷயம்தான். எந்த மாதிரி பிடிச்சிருக்குன்னு நம்பர் மட்டும் அனுப்புங்க’ என்றால் போதும். யாப்பின் பெயர் தெரியாதவருக்கும் காது உண்டு. படித்துப் பார்த்தால் எது தனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

ஏன் மூன்று, ஏன் இந்த மூன்று? ஒன்று முடிவு சொல்கிறது, ஒன்று படத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, ஒன்றில் ஒரு மனுஷி நிற்கிறாள். கேட்பவர் மனத்தில் தெளிவில்லாமல் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நாலாவதாக எதைச் சேர்த்தாலும் அது இவற்றில் ஒன்றின் சாயலாகவே வந்து நிற்கும்.

இந்த மூன்றில் எழுதுபவரை அதிகம் சோதிப்பது முதலாவதுதான். மேலே உள்ள குறளைப் பிரித்துப் பார்ப்போம். முதல் அடியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்று. ஒற்றை விட்டுவிட்டு, தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேரசை, குறிலோடு இன்னோர் உயிரெழுத்தோ உயிர்மெய்யோ சேர்ந்து வந்தால் நிரையசை. ‘கோலம்’ நேர்-நேர், அதாவது தேமா, நேரில் முடியும் ஈரசை மாச்சீர். மாச்சீருக்கு அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். ‘கரைந்தாலென்’ அப்படித்தான் தொடங்குகிறது. அது நிரை-நேர்-நேர், நேரில் முடியும் மூவசைக் காய்ச்சீர். காய்க்கு அடுத்தது நேரில் தொடங்க வேண்டும்; ‘கொட்டும்’ சரி. அதுவும் தேமா, எனவே அடுத்து நிரை வேண்டும், ‘மழைவிட்டால்’ வருகிறது. அது காய், ஆகவே இரண்டாம் அடியின் ‘காலை’ நேரில் தொடங்கலாம். அடி மாறினாலும் தளை, அதாவது சீருக்கும் அடுத்த சீருக்கும் உள்ள இந்தக் கட்டு, விடாது என்பதைப் புதிதாக எழுதுபவர்கள் மறந்துவிடுவார்கள். ‘காலைப்’ தேமா, ‘புதுக்கோலம்’ நிரையில் தொடங்கும் காய். கடைசிச் சீரான ‘காண்’ ஓர் அசை மட்டுமே, ‘நாள்’ என்னும் வாய்பாடு. கோலம், காலை என்று இரண்டாம் எழுத்தில் லகர வருக்க எதுகை. கோலம், கொட்டும் என்று முதல் அடியில் மோனை.

இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் திருத்தம் கேட்கும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘விட்டால்’ என்பதை ‘நின்றால்’ ஆக்கச் சொன்னால் தாராளமாக ஆக்கலாம், அசை மாறாது. ‘கொட்டும்’ என்பதைப் ‘பெய்யும்’ என்று மாற்றினால் தளை தட்டாது, மோனை மட்டும் போகும். ‘காலைப்’ என்பதை ‘நல்ல’ என்று மாற்றினாலும் தளை தப்பிக்கும், எதுகை போய்விடும். ஆனால் ‘கரைந்தாலென்’ என்பதில் கடைசி ‘என்’ எதற்கு என்று அதை எடுத்துவிட்டால் ‘கரைந்தால்’ புளிமா ஆகிவிடும். அதன்பின் ‘கொட்டும்’ நேரில் தொடங்குவதால் மா முன் நேர் வந்து வெண்பா அந்த இடத்திலேயே உடைந்துபோகும். இரண்டு எழுத்துதானே என்று நினைப்போம். அந்த இரண்டு எழுத்துதான் காயைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஹைக்கூவில் ஆபத்து வேறு விதம். ஜப்பானிய மொழியில் 5-7-5 என்று எண்ணுவது அந்த மொழியின் ஒலியலகுகளை. அதைத் தமிழ் எழுத்தாகவோ அசையாகவோ நேராக மாற்ற முடியாது, தமிழில் பெரும்பாலும் யாரும் எண்ணுவதும் இல்லை. அதனால் எந்த வாக்கியத்தையும் மூன்றாக மடித்தால் ஹைக்கூ என்ற நினைப்பு வந்துவிட்டது. ‘மழை விட்டதும் / வாசலில் கோலம் / கரைந்து கிடக்கிறது’ என்பது வெறும் தகவல். மூன்று வரியையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுதிப் பாருங்கள். இழப்பு எதுவும் இல்லையென்றால் அது ஹைக்கூ இல்லை. ஒற்றைச் செருப்பு வந்த பிறகுதான் முதல் இரண்டு வரியை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றுகிறது.

புதுக்கவிதையைப் பற்றி ஒன்று மட்டும்: விளக்கும் வரியைச் சேர்க்காதீர்கள். எறும்புக்குப் பின்னால் ‘நினைவுகளும் அப்படித்தான்’ என்று ஒரு வரி போடக் கை துடிக்கும். போட்டால் எட்டு வரியும் அந்த ஒரு வரிக்கு முன்னுரையாகிவிடும்.

கொடுக்கவே கூடாத தெரிவுகளும் உண்டு. பெயரின் எழுத்துகளை ஒவ்வொரு வரியின் தொடக்கமாக வைக்கும் கவிதையை நாமாக முன்வைக்க வேண்டாம். தமிழில் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வராது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் வராது. ‘கண்ணன்’ என்ற பெயரில் க ஒன்றைத் தவிர மிச்சம் எதையும் வைத்து வரி தொடங்க முடியாது. ‘கார்த்திக்’ என்றால் கா, தி இரண்டுதான் தேறும். வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ‘ர்’ என்ற எழுத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது வீண். அறுசீர் விருத்தமும் குருட்டாம்போக்கில் தரக்கூடியது அல்ல. மேடையில் வாசிக்க அதைப் போல் வேறு கிடையாது. ஆனால் யார் பெயர், என்ன சிறப்பு என்று தெரியாமல் இருபத்துநாலு சீரை நிரப்பினால் எல்லாம் ‘பல்லாண்டு வாழ்க’ ரகச் சொல்லாகத்தான் இருக்கும்.

மொழியைத் தனியாகக் கேட்க வேண்டாம், கேட்ட செய்தியே சொல்லிவிடும். ‘kavithai venum’ என்று ஆங்கில எழுத்தில் வந்தாலும் கேட்பது தமிழ்க் கவிதைதான். அங்கே கேட்க வேண்டியது, படிக்கப்போகிறவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமா என்பது. வெளிநாட்டில் வளர்ந்த பேரக்குழந்தை வாசிக்கப்போகிறது என்றால், அதே கவிதையை ஒலிப்பதிவாகவும் அனுப்பினால் வேலை முடிந்தது. ஆங்கில எழுத்தில் கவிதை எழுதிக் கொடுத்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும், எதுகையும் காதில் விழாது.

இனி வரும் பதில்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எண் மட்டும் வந்தால் அடுத்து ஒரே ஒரு கேள்வி: ‘இதை எங்கே வைக்கப்போறீங்க?’ பிளெக்ஸ், அட்டை, மேடை, ஸ்டேட்டஸ் என்று எதைச் சொன்னாலும் நீளமும் தொனியும், பல சமயம் நிகழ்ச்சியும் சேர்ந்தே தெரிந்துவிடும். ‘மூணும் பிடிக்கலை’ என்று வந்தால் சிக்கல் வடிவத்தில் இல்லை, கோலத்தில் இருக்கிறது. வடிவத்தை விட்டுவிட்டு ‘யாருக்குக் கொடுக்கப்போறீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஃபீலா’ என்றால் கவிதைக்குள் ஓர் ஆள் வேண்டும் என்று அர்த்தம். அப்போது அந்த ஆளை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்று கேட்டுவிட்டே எழுதுங்கள். மாமனாருக்குக் கொடுக்கும் கவிதையில் ‘நீ’ என்று வந்தால், மரபில் அதற்கு இடம் உண்டு என்று வாதாடிப் பயனில்லை. சிலர் ‘2 சூப்பர், இதுவே போதும்’ என்று அதோடு முடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்று வரிதான்; நீட்டாமல் அதற்குரிய காசை வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக அச்சு. பல டிடிபி கடைகளில் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிவிடலாம். பிளெக்ஸ் வடிவமைப்பவர் இடத்துக்கு ஏற்ப வரியை வெட்டினால் குறளின் முதல் அடி இரண்டாகி, பார்ப்பவருக்கு அது மூன்று வரிப் புதுக்கவிதையாகத் தெரியும். அதனால் எழுத்தோடு படமாகவும் ஒன்று அனுப்பி, ‘வரி இப்படியே இருக்கணும்’ என்று சொல்லிவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாதிரியை வாங்கி, ஒற்றுகளை மட்டும் ஒரு தடவை தனியாகப் பாருங்கள். ‘காலைப்’ என்பதில் ‘ப்’ மேல் உள்ள புள்ளிதான் முதலில் காணாமல் போகும்.