தனி வறுமைக் கோடு, சார்பு வறுமைக் கோடு

வறுமை, வறட்சி, வறண்ட நிலம் எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. ஈரம் இல்லாததைக் குறித்த வேர் கைப்பொருள் இல்லாததையும் குறித்தது. எவ்வளவு குறைந்தால் வறுமை என்று சொல்லத்தான் ‘கோடு’ வந்து சேர்ந்தது. அந்தக் கோட்டை ‘அப்சல்யூட்’, ‘ரிலேட்டிவ்’ என்று இரண்டு விதமாகப் போடுகிறார்கள். இந்த இரண்டில் எதற்காக வாதிடுவது என்று ஒப்படைப்புக் கட்டுரை எழுதும் மாணவர்கள் கேட்கிறார்கள். முதலில் சொற்களைப் பார்ப்போம்.

‘அப்சல்யூட்’ என்பதற்குப் பலர் ‘முழு வறுமை’ என்று எழுதுகிறார்கள். அது ஒன்றுமே இல்லாத நிலை என்று தவறாகப் படுகிறது. மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘கட்டவிழ்ந்தது’ என்று பொருள். அதாவது, மற்றவர் வருமானத்தோடு கட்டப்படாத கோடு. இயற்பியலில் ‘தனி வெப்பநிலை’ என்கிறோமே, அதே ‘தனி’ இங்கே சரியாகப் பொருந்தும். ‘ரிலேட்டிவ்’ என்பதற்குச் ‘சார்பு’ அல்லது ‘ஒப்பீட்டு’. எல்லாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவது நடு வருமானம். நாட்டின் நடு வருமானத்தில் 60 சதவீதம் என்பதுபோல, மற்றவரைச் சார்ந்து நிற்கும் கோடு அது.

ஆனால் தனிக்கோடு உண்மையில் அவ்வளவு தனியாக நிற்பதில்லை. இந்தியாவின் பழைய கோடு 1973-74 விலையில் கிராமத்துக்கு ஆளுக்கு மாதம் 49.09 ரூபாய், நாளுக்கு 2,400 கலோரி உணவு கிடைக்கும் செலவு நிலையை வைத்துப் போட்டது. பள்ளியையும் மருத்துவத்தையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்பது அதற்குள் இருந்த எண்ணம். பிறகு விலைவாசிக்கு மட்டும் கோட்டை உயர்த்திக்கொண்டே வந்தார்கள். குடும்பங்களோ மருந்துக்கும் படிப்புக்கும் கைக்காசைக் கொடுக்கத் தொடங்கின. கோட்டுக்கு மேலே இருப்பதாகக் கணக்கில் வந்தவரின் தட்டில் 2,400 கலோரி இல்லை. 2009-இல் பொருளியலாளர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கல்வி, மருத்துவச் செலவையும் சேர்த்துக் கோட்டை மாற்றியது இதனால்தான்.

சார்புக்கோடு மறைப்பது வேறு. அயர்லாந்தைப் பாருங்கள். நிதி நெருக்கடியில் எல்லார் வருமானமும் இறங்க, நடு வருமானத்தோடு கோடும் இறங்கியது. அதற்குக் கீழே இருந்தவர்கள் 2008-இல் 14.4 சதவீதம், 2009-இல் 14.1. வறுமை குறைந்துவிட்டதா? கனமான மேலங்கி, வீட்டுச் சூடேற்றம் போன்ற 11 தேவைகளில் இரண்டையாவது வாங்க முடியாதவர்கள் அதே காலத்தில் 13.7-இலிருந்து 17.1 சதவீதமாக ஏறியிருந்தார்கள்.

சரி, ஒப்படைப்பில் எதற்காக வாதிடுவது? ‘எது சிறந்தது’ என்று தொடங்கினால் கட்டுரை வழுக்கிவிடும். எந்த நாடு, எந்தக் கேள்வி என்பதை முதலில் சொல்லுங்கள். பீகார் கிராமத்தில் உணவு போதுமா என்றால் தனிக்கோடு. டப்ளினில் ஒரு பிள்ளை வகுப்புத் தோழர்களோடு ஒட்டி வாழ முடிகிறதா என்றால் சார்புக்கோடு. அப்புறம், எல்லார் வருமானமும் இரட்டிப்பானால் உங்கள் கோடு என்ன காட்டும் என்று போட்டுப் பாருங்கள். சார்புக்கோட்டில் எண்ணிக்கை அசையாது. அந்தக் குறையை நீங்களே எழுதி, அயர்லாந்துபோல இல்லாமைப் பட்டியல் ஒன்றைத் துணைக்கு வையுங்கள். இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் போகும் ஆண்டு கிடைத்தால், உங்கள் வாதத்தை அந்த ஆண்டின்மேல் கட்டுங்கள்.