நெல்மணி அளவு சதை, எந்த இடத்திலிருந்து?

இடது கால் செருப்பு எப்போது கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம், குறுவை நடவு நேரம். வரப்பில் இருபது அடி நடந்துவிட்டார். பின்னால் வந்த தம்பி, "அண்ணே, செருப்ப விட்டுட்டுப் போறீங்க" என்று சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். வயது 36. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நான் தஞ்சாவூரில் எம்ஆர்ஐ படங்களைப் படித்துச் சொல்லும் கதிரியக்க மருத்துவர். அவருடைய படங்கள் என் மேஜைக்கு வந்தபோது அந்தச் செருப்புக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை நடந்ததில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வயலில் மணிக்கணக்காகக் குந்தி வேலை செய்பவர்களுக்கு முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்தி, பாதம் தொங்கிப்போவது நிஜமாகவே நடக்கும். முதலில் அதைத்தான் நினைத்தார்கள். அப்புறம் இடுப்பு டிஸ்க் என்று முதுகை ஸ்கேன் செய்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு விஷயங்கள் அந்தக் கணக்கில் பொருந்தவில்லை. நரம்பு அழுந்தியிருந்தால் பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும். முழங்காலில் தட்டினால் கால் உதறுவது எப்போதும் போலத்தான் இருக்கும். இவருக்கு மரப்பே இல்லை. சுத்தியலால் லேசாகத் தட்டியதற்கே கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேல்நோக்கி விரிந்தது. பெரியவர்களுக்கு அது அப்படி விரிந்தால், கோளாறு காலில் இல்லை, மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று, அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. சில ராத்திரிகளில் இடது கட்டைவிரல் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். அந்த இழுப்பு கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். நினைவு தப்பாது. வாய்வுப் பிடிப்பு என்று எண்ணிக்கொண்டு, மனைவி தேய்த்துவிட்ட எண்ணெயோடு தூங்கிப்போவார். அது வலிப்பு. மூளையில் உடலை அசைக்கும் பட்டையில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனி இடம் உண்டு. முகமும் கையும் மூளையின் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. பாதத்துக்கான இடம் உச்சியில், இரண்டு பாதி மூளையும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் இருக்கிறது. இடது பாதம் என்றால் வலது மூளை. ஆக, படம் எடுப்பதற்கு முன்பே ஒரு விரலின் துடிப்பு அந்த இடத்தைச் சொல்லிவிட்டது.

"தலைவலியே இல்லையே டாக்டரம்மா, தலைல எப்படிக் கட்டி இருக்கும்?" என்று அவர் மனைவி கேட்டார். நிறையப் பேர் இதை நம்பித்தான் நாளைக் கடத்துகிறார்கள். காலையில் எழும்போதே வலி, கூடவே வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் மண்டைக்குள் அழுத்தம் ஏறிய பிறகு வருபவை. மெதுவாக வளரும் கட்டிக்கு மூளை நெடுநாள் விலகி இடம் கொடுக்கும். அதுவரை வலிப்போ, தானாகக் கழலும் செருப்போதான் அடையாளம்.

சரி, படத்துக்கு வருவோம். வலது நெற்றிப் பகுதியின் உள்பக்கத்தில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கட்டி. டி2 என்ற வகைப் படத்தில் அது ஒரே சீராக வெள்ளையாகத் தெரிந்தது. ஃப்ளேர் என்ற வகை, தண்ணீரின் வெண்மையை அடக்கிக் காட்டும். அதில் கட்டியின் உள்பக்கம் மங்கி, ஓரம் மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது. இந்தப் பொருத்தமின்மை தெளிவாகத் தெரிந்தால், கட்டி பெரும்பாலும் ஐடிஹெச் என்ற மரபணு மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக்கட்டி வகையாகத்தான் இருக்கும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டும் எந்த இடமும் ஒளிரவில்லை. ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு உடைந்த இடத்தில்தான் அந்த மருந்து கசிந்து ஒளிரும். ஒளிரவில்லை என்றதும் 'சாதுவான கட்டி' என்று பலரும் ஆறுதல் அடைவார்கள். ஒளிராமலே வீரியமாக இருக்கும் கட்டிகள் கணிசமாக உண்டு என்பதால் நான் அந்த ஆறுதலை யாருக்கும் கொடுப்பதில்லை.

கட்டி, இரண்டு பாதி மூளையையும் இணைக்கும் நடுப்பாலத்தைத் தாண்டி இடது பக்கமும் லேசாக எட்டிப் பார்த்தது. காலை அசைக்கும் நரம்பிழைகளையும் ஒட்டி நின்றது. முழுதாக எடுக்க வழியில்லை என்பதால் வேறொரு ஊரில் ஊசி பயாப்ஸி செய்தார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, படத்தின் வழிகாட்டுதலில் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியை இறக்குவார்கள். ஊசியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதற்குள் உறிஞ்சப்பட்டு வெட்டி வரும் சதை, ஒரு நெல்மணி அளவு. அந்த நெல்மணிதான் 5 சென்டிமீட்டர் கட்டிக்கும் சாட்சி சொல்ல வேண்டும்.

அறிக்கை வந்தது: ஐடிஹெச் மாறிய ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 2. கிரேடு என்பது கட்டியின் வீரியத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூட வீரியமும் கூடும். வலிப்பு மாத்திரை, மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் என்று திட்டம் போட்டார்கள்.

அந்த அறிக்கையோடு பழைய படங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. அதில் ஒரு பெர்ஃப்யூஷன் படமும் இருந்தது. கான்ட்ராஸ்ட் மருந்து மூளை வழியாகப் பாய்ந்து ஓடும் சில நொடிகளில் அடுத்தடுத்துப் படம் எடுத்து, எந்த இடத்தில் ரத்தம் எவ்வளவு என்று கணக்கிடுவது அது. கட்டியின் ஆழத்தில், பின்பக்கமாக, ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு திட்டு. அங்கே ரத்த அளவு எதிர்ப்பக்க நல்ல மூளையைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. டிஃப்யூஷன் படத்தில் பார்த்தால், அதே திட்டில் தண்ணீர்த் துகள்கள் நகர இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடந்தன. அதாவது அங்கே செல்கள் அடர்த்தி. ஃப்ளேர் படத்திலும் அந்தத் திட்டு மட்டும் மங்காமல் இருந்தது. இதற்கு ஒரு வரம்பும் உண்டு. ஆலிகோடெண்ட்ரோகிளியோமா என்ற கட்டியில் கிரேடு குறைவாக இருந்தாலும் ரத்த ஓட்டம் அதிகமாகவே தெரியும். எனவே ரத்த அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இவர் கட்டி அந்த வகை இல்லை என்பதால் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

பயாப்ஸி முடிந்த அன்று எடுத்த சிடி படத்தைத் தேடி எடுத்தேன். ஊசி போன இடத்தில் கடுகளவு காற்றுக்குமிழி கறுப்பாகத் தெரியும். அந்தப் புள்ளிதான் சதை எடுத்த இடம். அது கட்டியின் முன் ஓரத்தில் இருந்தது. நான் பார்த்த திட்டுக்கும் அதற்கும் இரண்டரை சென்டிமீட்டர் தூரம். பேத்தாலஜிஸ்ட் தன் கண்ணாடித் தகட்டில் பார்த்தது அத்தனையும் உண்மை. தகட்டுக்கு வந்த சதைதான் கட்டியின் சாதுவான மூலையிலிருந்து வந்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படத்தைத் திரையில் காட்டியதும் அவரே சொன்னார்: "புகையான் மாதிரிங்களா? அது நடு வயல்லதாங்க வட்டமா விழும். வரப்புல நின்னு பாத்தா பயிரு பச்சையாத்தான் இருக்கும். உள்ள எறங்கித் தூரை விரிச்சுப் பாத்தாத்தான் பூச்சி தெரியும்." அதேதான். மண் பரிசோதனைக்கு என்றால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்து, கலந்து, சராசரி பார்க்கிறோம். கட்டிக்குச் சராசரி கிடையாது. அதன் மிக மோசமான மூலை எந்தக் கிரேடோ, அதுதான் முழுக் கட்டியின் கிரேடு. அந்த மூலைதான் முதலில் வளரும்.

ஒரே கட்டியில் எல்லாமே இடத்துக்கு இடம் மாறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐடிஹெச் மாற்றம் கட்டி தொடங்கும்போதே நேர்ந்தது. அதனால் அதன் பிள்ளைச் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். எந்த மூலையில் எடுத்தாலும், போதுமான கட்டிச் செல் இருந்தால், கட்டியின் குடும்பப் பெயர் சரியாகவே வரும். கிரேடைச் சொல்லும் அடையாளங்கள் பின்னால் வருபவை: செல்கள் வேகமாகப் பிளப்பது, புது ரத்தக்குழாய் முளைப்பது, சிடிகேஎன்2ஏ என்ற காவல் மரபணு இரண்டு பிரதியும் தொலைந்துபோவது. இவை ஒரு திட்டில் மட்டும் இருக்கலாம். முதல் அறிக்கையில் பெயர் சரியாகவும் கிரேடு குறைவாகவும் வந்தது இதனால்தான்.

வேறு வகைக் கட்டியில் ஊசி தவறுவது வேறு மாதிரி. கிளியோபிளாஸ்டோமா பல நேரம் வளையம் போல ஒளிரும், நடுவில் கறுப்பாக இருக்கும். நடுவைக் குத்தினால் செத்த சதைதான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெளியே வெகுதூரம் தள்ளிக் குத்தினால் வீங்கிய மூளை வரும். ஒளிரும் விளிம்பில்தான் உயிருள்ள கட்டி இருக்கிறது.

இரண்டாவது பயாப்ஸிக்கு அந்தத் திட்டைக் குறி வைத்தார்கள். அங்கே போக நேர்வழி கிடையாது. காலுக்கு ஓடும் நரம்பிழைகளைத் தனியாக வரைந்து காட்டும் எம்ஆர்ஐ எடுத்தோம். மூளை மடிப்புகளின் பள்ளங்களில் ரத்தக்குழாய்கள் ஓடுவதால், ஊசி ஒரு மேட்டின் உச்சியில் நுழைய வேண்டும். நரம்பிழைகளுக்கு முன்னால் இறங்க வேண்டும். மூளைக்குள் உள்ள நீர் அறையைத் தொடக் கூடாது. ரத்தம் அதிகமுள்ள திட்டு என்பதால் கசிவு ஆபத்தும் கொஞ்சம் கூடுதல். முதல் தடவை அவர்கள் முன் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பயத்தில்தான் என்று நினைக்கிறேன், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அறுவை அரங்கிலேயே ஒரு துணுக்கை இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுக்கிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். கட்டிச் செல் நிறைய வந்திருக்கிறது என்று பேத்தாலஜிஸ்ட் சொன்ன பிறகுதான் ஊசியை வெளியே எடுத்தார்கள்.

இந்த முறை கிரேடு 3. காவல் மரபணு தொலையவில்லை, தொலைந்திருந்தால் அது கிரேடு 4. திட்டம் அடியோடு மாறியது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் 33 தடவையாக 59.4 கிரே கதிர்வீச்சு, அது முடிந்ததும் மாதம் 5 நாள் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை, 12 சுற்று. கிரேடு 2 என்றால் கதிர்வீச்சைத் தள்ளிப்போட்டுக் கண்காணிப்பதற்கு இடமிருந்தது. கொடுத்தாலும் 54 கிரேயோடு நிறுத்தியிருப்பார்கள். அந்தத் திட்டு மூன்று மாதத்தில் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வருஷம் சம்பா நடவைத் தம்பிதான் பார்த்துக்கொண்டார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருகிறார். திட்டில் ரத்த அளவு இறங்கியிருக்கிறது. இழுப்பு நின்றுவிட்டது, கால் பலம் முழுசாகத் திரும்பவில்லை. குதிகாலில் பட்டை வைத்த செருப்பு ஒன்றை மனைவி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் அறை வாசலில் அதைக் கழற்றி வைக்கும்போது, இடது காலைக் கையால் தூக்கித்தான் பட்டையை விடுவிக்கிறார்.