பிசினஸ் வாட்ஸ்அப் உங்கள் நம்பரை மறைக்காது

இந்த மாதத்தில் மட்டும் இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவர். திருப்பூர் பக்கம், வீட்டிலிருந்தே ஃபேஸ்புக் லைவில் நைட்டி விற்கிற பெண். பின்னால் சுவரில் தன் நம்பரை அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். ராத்திரி 11 மணிக்கு மேல் வீடியோ கால் வர ஆரம்பித்தது, பிளாக் செய்தார், வேறு நம்பரிலிருந்து வந்தது, ஒரு நாள் "சைஸ் மாத்தணும்" என்று அந்த ஆளே வாசலில் வந்து நின்றுவிட்டான். வீடு எப்படித் தெரிந்தது? பார்சல் மேல் இவர் கைப்பட எழுதிய ஃப்ரம் அட்ரஸ்தான், கதவு எண்ணிலிருந்து எதிரே உள்ள கோயில் வரை. ஒரே ஒரு நைட்டி வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

"நான் பிசினஸ் வாட்ஸ்அப்தானே மேடம் வெச்சிருக்கேன்" என்றார். வக்கீலாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமையே போய்விட்டது. அந்த ஆப்பில் கேட்டலாக் போடலாம், கடை நேரம் போடலாம், தானாகப் பதில் போக வைக்கலாம். நம்பரை மறைக்க முடியாது. எந்த நம்பரில் பதிந்தீர்களோ அதுவேதான் வாங்குகிறவர் கண்ணிலும் படும். சொந்த நம்பரையே பிசினஸுக்கு மாற்றியிருந்தால், பிள்ளையின் ஸ்கூல் குரூப்பில் இருக்கிற நம்பரும் அதேதான். அதைப் பணம் அனுப்பும் ஆப்பில் போட்டால் வங்கியில் இருக்கிற உங்கள் பெயர் வந்துவிடும், அந்தப் பெயரை ஃபேஸ்புக்கில் தேடினால் குடும்பப் படம் வரைக்கும் கிடைக்கும்.

தனி சிம் வாங்குங்கள். ஒரே போனில் சாதா வாட்ஸ்அப்பும் பிசினஸ் வாட்ஸ்அப்பும் வேறுவேறு நம்பரில் ஓடும், புது போன் தேவையில்லை. அந்த சிம்மை வங்கியிலும் ஆதாரிலும் சேர்க்காதீர்கள். பணம் வாங்கக் கொடுக்கும் யுபிஐ ஐடியிலேயே உங்கள் சொந்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம்பர் இல்லாத இன்னொரு ஐடி உருவாக்கிக்கொள்ளுங்கள், பல ஆப்களில் முடியும். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு மாறும்போது கேட்கிற முகவரியை நிரப்பாமல் விடலாம்.

பார்சலில் வீட்டு முகவரிக்குப் பதிலாகத் தெரிந்தவர் கடை முகவரியை, அவரிடம் கேட்டுவிட்டு, போடுங்கள். தபாலிலேயே அனுப்புகிறவர்கள் தபால் நிலையத்தில் அஞ்சல் பெட்டி வாடகைக்கு எடுக்கலாம். மசாலாப்பொடி, ஊறுகாய் விற்கிறவர்களுக்கு இதில் சிக்கல் உண்டு, பாக்கெட்டில் தயாரிப்பாளரின் முழு முகவரி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்ட விதி. அவர்கள் நம்பர் விஷயத்திலாவது கண்டிப்பாக இருக்கட்டும்.

ஏற்கெனவே தொல்லை வருகிறதா? பிளாக் செய்வதற்கு முன் "இனி எனக்கு மெசேஜோ காலோ வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவில் குற்றம், அந்த ஒரு வரி அப்போது பெரிய சாட்சி. அப்புறம் நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, cybercrime.gov.in தளத்திலோ பக்கத்து ஸ்டேஷனிலோ புகார் கொடுங்கள்.

திருப்பூர்ப் பெண் வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் சாட் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள்மா.