கட் விழ வேண்டிய இடம்: அரங்கேற்ற வீடியோவில் தீர்மானமும் பாதமும்

காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை எனச் சுற்றுவட்டாரத்தில் கோடை விடுமுறை அரங்கேற்றங்கள் பலவும் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கின்றன. கல்யாணம் எடுக்கிற அதே யூனிட்தான் அதையும் எடுக்கிறது. மூன்று கேமரா, நல்ல லென்ஸ், நல்ல வெளிச்சம் எல்லாம் இருக்கும். ஆனால் வீடியோ கைக்கு வந்ததும் ஆடிய பெண்ணின் குரு முதல் ஐந்து நிமிடத்திலேயே முகம் சுளிப்பார். அவர் தேடுவது இரண்டைத்தான்: ஜதியை மூடுகிற தீர்மானம் முடிகிற இடத்தில் கால் எங்கே, ஜதி என்னும் சொற்கட்டின் நடுவில் ஏன் ஆங்கிள் மாறியது. இந்த இரண்டும் எப்படிக் கெடுகின்றன, எப்படிச் சரிசெய்வது என்பதை வர்ணத்தில் வரும் ஒரு ஜதியை வைத்துப் பார்ப்போம்.

எடிட்டர் பொதுவாக என்ன செய்கிறார்? ஆடியோ அலையில் நட்டுவாங்கத் தாளத்தின் கூர்மையான முனைகள் தெரிகின்றன, அதில் ஒன்றைப் பிடித்து கட் வைக்கிறார். தாளத்தில்தானே வெட்டினேன் என்பார். தாளத்தில் வெட்டியது உண்மைதான். ஆனால் தட்டு என்பது ஒரு சொல்லின் அசை மாதிரி. வாக்கியம் முடிகிற இடம் வேறு. பரதத்தில் அந்த வாக்கியத்தை மூடுவது தீர்மானம், அடுத்ததைத் திறப்பது பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு. கட் இந்த இரண்டையும் பார்த்து விழ வேண்டும்.

கணக்கோடு பார்க்கலாம். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம், ஓர் அட்சரத்துக்கு 0.8 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 25 ஃபிரேம் டைம்லைனில் ஓர் அட்சரம் 20 ஃபிரேம், முழுச் சுற்றான ஓர் ஆவர்த்தனம் 160 ஃபிரேம், அதாவது 6.4 விநாடி. சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, எனவே ஒரு மாத்திரை 5 ஃபிரேம். ஜதியின் கடைசியில் 'ததிங்கிணதொம்' மூன்று முறை, நடுநடுவே கார்வை என்னும் இடைவெளி இரண்டு மாத்திரை வருகிறது என்றால் 5+2+5+2+5, மொத்தம் 19 மாத்திரை. 95 ஃபிரேம். சுற்றின் முதல் தட்டான சமத்தில் முடிய வேண்டுமானால் இது முந்தைய ஆவர்த்தனத்தில் 13 மாத்திரை கழிந்து, நடுவிரல் எண்ணிக்கையின் இரண்டாம் மாத்திரையில் தொடங்குகிறது.

கல்யாணக் கை இங்கேதான் துறுதுறுக்கும். ஒரே சொல் மூன்று முறை வருகிறதே, மூன்று ஆங்கிளிலும் காட்டலாமே என்று தோன்றும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி 35 ஃபிரேம், ஒன்றரை விநாடிகூட இல்லை. புது ஆங்கிளில் உடம்பு எங்கே இருக்கிறது என்று கண் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த கட் வந்துவிடும். அதைவிட முக்கியம், மூன்று முறையும் ஒரே அளவில் வருகிறதா என்பதுதான் பார்ப்பவருக்கான சுவையே. ஆங்கிள் மாறினால் அந்த ஒப்பீடு போய்விடுகிறது. ஆகவே அந்த 95 ஃபிரேமிலும் கட் கிடையாது, முழு உடம்பு தெரியும் வைடு மட்டும்.

சமத்தில் வந்து இறங்கியதும் வெட்டலாமா? அவசரம் வேண்டாம். வர்ணத்தில் தீர்மானம் முடிந்ததும் பாடகர் சாகித்திய வரியை எடுப்பார். நடனமணி அந்த வரியின் அறுதி வரை அடவுதான் ஆடிக்கொண்டிருப்பார், அபிநயம் இன்னும் தொடங்கியிருக்காது. அடுத்த தடவை வரி திரும்பும்போதுதான் முகமும் கையும் பேச ஆரம்பிக்கும். வரி ஓர் ஆவர்த்தனம் என்றால், தீர்மானத்தின் 95, அறுதியோடு சேர்ந்த 160, ஆக 255 ஃபிரேம் வைடிலேயே நின்றுவிட்டு, வரி இரண்டாம் முறை எடுக்கிற இடத்தில் நெருங்கிய ஷாட்டுக்குப் போவதுதான் சரியான வாசல். அந்த முதல் எழுத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் கட் இருந்தால் சொல்லோடு சேர்ந்து படம் பிறந்த மாதிரி இருக்கும்.

எல்லா உருப்படியும் சமத்தில் எடுப்பதில்லை. ஒன்றரை அட்சரம் தள்ளி எடுக்கிற பாட்டில், தீர்மானமும் பெரும்பாலும் அந்த எடுப்பில்தான் வந்து உட்காரும். மேலே சொன்ன வேகத்தில் அது சமத்துக்கு 30 ஃபிரேம் பின்னால். எடிட்டர் தட்டை நம்பி சமத்தில் வெட்டினால் தீர்மானத்தின் வால் புது ஷாட்டில் தொங்கும். தாளம் சரியாக இருந்தும் ஏதோ உதைக்கிறதே என்று தோன்றும் கட்டுகளில் நிறைய இந்த ரகம்தான். இதற்கு மருந்து எளிது: நிகழ்ச்சிக்கு முன் நட்டுவனாரிடம் உருப்படிப் பட்டியல் வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் தாளம், எடுப்பு, எத்தனை ஜதி என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும்.

மென்பொருளில் பி.பி.எம். கட்டம் போட்டு வேலையைச் சுருக்க நினைக்காதீர்கள். மேடையில் நேரடிப் பாட்டு, காலம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். பத்து ஆவர்த்தனத்தில் கட்டம் கழன்றுவிடும். ஒரு முறை முழுக்கக் கேட்டு, தீர்மானத் தொடக்கம், இறக்கம், வரியின் எடுப்பு ஆகிய மூன்றுக்கும் M தட்டி மார்க்கர் வையுங்கள். கை எப்போதும் சில ஃபிரேம் தாமதமாகத்தான் தட்டும், பிறகு அலையின் முனையைப் பார்த்துப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். மல்டிகேம் ஓடும்போதே எண் பொத்தானை அழுத்தி மாற்றிய கட்டுகளுக்கும் இதே கதை. அவற்றை ரோலிங் எடிட்டில் மார்க்கருக்குக் கொண்டுவந்தால் ஒலி அசையாது, கட் மட்டும் நகரும்.

இவ்வளவு நுணுக்கமும் வீணாகிற ஓர் இடம் சிங்க். மூன்று கேமராவையும் ஆடியோவை வைத்துத் தானாகச் சேர்ப்பது வழக்கம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் வைடு கேமராவின் மைக் அதை ஏறக்குறைய 0.06 விநாடி கழித்துக் கேட்கிறது. மென்பொருள் அந்த ஒலியை மிக்ஸர் ஒலியோடு பொருத்தினால், வைடு படம் ஒன்றரை ஃபிரேம் முன்னால் வந்துவிடும். தட்டு கேட்பதற்கு முன் கால் தரையில் இருக்கும். முன் கேமராவிலிருந்து வைடுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பெண் தாளத்துக்கு முந்துகிற மாதிரி தெரியும். பாவம், பழி அவர் மேல் விழும்! மண்டபத்தில் ஸ்பீக்கர் பாதி தூரத்தில் தொங்கினால் கணக்கு மாறும், எனவே சூத்திரத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள். தட்டடவில் பாதம் தரையைத் தொடும் ஃபிரேம், அல்லது நட்டுவனாரின் இரண்டு தாளமும் முட்டும் ஃபிரேம், மூன்று கேமராவிலும் ஒரே இடத்தில் வருகிறதா? ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் முடிவிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீண்ட ரெக்கார்டிங்கில் கருவிகள் சிறிது சிறிதாக விலகும்.

இனிப் பாதம். அரைமண்டி என்பது மடங்கிய முழங்கால், திரும்பிய பாதம், தரை மூன்றும் சேர்ந்த ஒரு வடிவம். கணுக்காலில் ஃபிரேம் வெட்டினால் அது வெறும் குனிந்து நிற்பதாகிவிடும். தவறு எடிட்டிங் மேஜையில் தொடங்குவதில்லை, கேமரா ஸ்டாண்டின் உயரத்தில் தொடங்குகிறது. நான்கடி மேடைக்கு லென்ஸும் நான்கடியில் இருந்தால் தரை ஒரு கோடாகிவிடும். முன்வரிசைத் தலைகள், ஓரத்துப் பூச்சாடி, வெயிலுக்கு வைத்த பெடஸ்டல் ஃபேன், குத்துவிளக்கு எல்லாம் பாதத்தை மறைக்கும். லென்ஸ் மேடைத் தரையைவிட இரண்டு மூன்று அடி மேலே, அதாவது ஆறு ஏழடியில் இருக்க வேண்டும். கேட்டரிங் மேஜை மேல் ஸ்டாண்டை ஏற்றுகிறார்கள், ஆடாமல் இருந்தால் அதுவும் சரிதான்.

நிற்கும் உடம்பு ஃபிரேம் உயரத்தில் 60 முதல் 65 சதவீதம் இருக்கட்டும். கை தலைக்கு மேல் போகும், குதிப்பு வரும், முழுமண்டியில் உட்காரும்போது கேமராவை இறக்க நேரம் இருக்காது. பக்கக் கேமரா நேர்முகத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் விலகினால் அரைமண்டியின் விரிந்த முழங்கால் ஒன்றன் பின் ஒன்றாக ஒளிந்துகொள்ளும். அந்த ஆங்கிளை நடைக்கும் அபிநயத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைடை 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் போட்டால், பெரிதாக்கி ஒரு கூடுதல் ஷாட் எடுக்கலாம், தரம் கெடாது. ஆனால் கிராப் செய்யும்போது முதல் ஃபிரேமைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஷாட் முழுவதையும் வேகமாக ஓட்டி, பாதம் மிகத் தாழ்ந்த ஃபிரேம், கை மிக உயர்ந்த ஃபிரேம், நாட்டடவில் கால் மிக நீண்ட ஃபிரேம் மூன்றையும் கண்டுபிடியுங்கள். மூன்றும் உள்ளே வந்தால்தான் அந்த கிராப். அடவு வலப்பக்கம் ஆடி முடிந்ததும் இடப்பக்கம் திரும்ப வரும், அந்த ஜோடியை ஒரே ஷாட்டில் விடுங்கள். இடப்பக்கமும் முடிந்த பிறகு கட். கால் காற்றில் இருக்கும்போது வெட்டினால், சிங்க் ஒரு ஃபிரேம் பிசகினாலும் ஒரே மிதி இரண்டு முறை விழுந்த மாதிரி காட்டும்.

குளோசப் அறவே கூடாது என்பதில்லை. பதம் மாதிரி அபிநய உருப்படியிலும் சாகித்திய வரியிலும் இடுப்புக்கு மேல் போகலாம், ஹஸ்தம் முகத்தோடு ஃபிரேமுக்குள் இருக்கும்வரை. எத்துக்கடை ஸ்வரம் வந்தால் கால் வேலைதான், உடனே முழு உடம்புக்குத் திரும்புங்கள். டிசால்வ் அபிநயம் இல்லாத நிருத்தத்தில் வேண்டாம், நான்கு கை தெரியும், நடராஜர் ஆகிவிடுவார்! ஸ்லோமோஷன் பற்றிப் பேச்சே இல்லை, தாளம் போய்விடும்.

ரீல்ஸுக்கு வெட்டித் தரச் சொல்வார்கள். 1920×1080 படத்திலிருந்து 9:16 எடுத்தால் அகலம் 608 பிக்சல்தான். 65 சதவீத உயரத்தில் நிற்கும் உடம்பு 700 பிக்சல், கையிரண்டும் நீட்டினால் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. விரல் வெளியே போய்விடும். 4:5-க்கு எடுத்தால் 864 பிக்சல் கிடைக்கும், நீட்டிய கை உள்ளே நிற்கும். நாட்டடவில் கால் இன்னும் அகலமாகப் போனால், இரு பக்கமும் வெட்டாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு விட்டுவிடலாம்.