மூன்றாவது திங்கட்கிழமை வரும் வயிற்றுவலி

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் படிப்பை நிறுத்திய பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்போது, வீட்டில் எல்லோருக்கும் சேர்க்கை நாளைப் பற்றித்தான் கவலை. பள்ளிப் பதிவுக்கான பழைய எமிஸ் எண்ணைக் கொண்டுபோனால் தலைமையாசிரியர் பதிவைத் தேடி எடுப்பார்; அந்த வேலை முடிந்துவிடும். பிள்ளை மறுபடி நிற்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான்.

எட்டாவதோடு நின்ற 15 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். சில மாதம் ஷூ கம்பெனி வேலை, பிறகு வீடு. ராத்திரி இரண்டு மணிவரை போன், காலை பத்துக்கு எழுகிறான். பள்ளிக்கு ஆறரைக்கு எழ வேண்டும். ஒரே நாளில் எழுப்பினால் வகுப்பில் தூங்குவான், திட்டு வாங்குவான். அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் எழுப்புங்கள்; பதினான்கு நாளில் ஆறரைக்கு வந்துவிடும். "சீக்கிரம் படு" என்று சொல்லிப் பயனில்லை. எழும் நேரம் மாறினால் தூக்கம் தானாக முன்னால் வரும். எழுந்ததும் வாசலில் வெயில் படட்டும், பகலில் படுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை சேருங்கள். இரண்டே நாளில் விடுமுறை வரும், மூச்சு விடலாம். பழைய பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும், மீசை அரும்பியிருக்கும். அதைப் பார்த்து, "ஏன்டா இவ்வளவு நாள் வரல?" என்று பசங்க கேட்பார்கள். "வேலைக்குப் போயிருந்தேன், இப்ப வந்துட்டேன்" என்ற ஒரே பதிலை வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். முதல் இரண்டு வாரம் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் ஒன்பதாவது பாடத்தில் ஆரம்பிக்காதீர்கள். வகுத்தல், பின்னம் என்று எங்கே கை நிற்கிறதோ அங்கிருந்து தினம் இருபது நிமிஷம் போதும்.

இனி அந்த மூன்றாவது திங்கட்கிழமை. "அம்மா, வயிறு வலிக்குது" என்பான். நடிப்பு என்று நினைக்காதீர்கள். பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். முந்தின வாரம் வீட்டுப்பாடம் சேர்ந்ததா, யாராவது கேலி செய்தார்களா என்று சாயங்காலம் பொறுமையாகக் கேளுங்கள். காலையில் விசாரணை வேண்டாம். மத்தியானம் ஒரு பீரியடுக்காவது கொண்டுபோய் விடுங்கள். முடியவே இல்லையென்றால் வீட்டில் இருக்கட்டும். ஆனால் பள்ளி நேரம் முழுக்கப் போன் கையில் இருக்கக்கூடாது. வீட்டில் இருப்பது சுகமாகிவிட்டால் செவ்வாயும் புதனும் போய்விடும். மறுநாள் பெரியவர் ஒருவர் பள்ளி வாசல்வரை கூடப் போக வேண்டும். "நேத்து ஏன் வரல?" என்று வகுப்பு நடுவில் கேட்காமல் இருக்க ஆசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள்.

காய்ச்சல், வாந்தி, எடைக்குறைவு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் இருந்தாலும், சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள். அப்போது பள்ளி காத்திருக்கட்டும்.