ஒன்றுபோல் தெரியும் இரண்டு சிவப்புக் கோடுகள்

ஸீட்டா பப்பிஸ் என்ற மிக வெப்பமான விண்மீனின் நிறமாலையில், 1896இல் ஹார்வர்டு வானியலாளர் எட்வர்ட் பிக்கரிங் வழக்கத்துக்கு மாறான சில கோடுகளைக் கண்டார். ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தரும் பாமர் வரிசைக் கோடுகளுக்கு இடையிடையே அவை அமைந்திருந்தன. பாமர் சூத்திரத்தில் 3, 4, 5 என்று முழு எண்களைப் போட்டால் ஹைட்ரஜன் கோடுகள் கிடைக்கும். 3.5, 4.5 என்று அரை எண்களைப் போட்டால் இந்தப் புதிய கோடுகள் கிடைத்தன. ஆகவே இவையும் ஹைட்ரஜனுடையவையே என்று அவர் முடிவு செய்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அணுதான் வேறு.

அது என்ன அணு என்பதை 1913இல் நீல்ஸ் போர் சொன்னார்: ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம். ஹீலியத்தின் அணுக்கருவில் இரண்டு புரோட்டான்கள் உண்டு. இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்று போய்விட்டால், மிஞ்சுவது ஒரு கருவும் ஓர் எலக்ட்ரானும் மட்டுமே. ஹைட்ரஜனின் அமைப்பும் இதுதான், கருவின் மின்னூட்டம் மட்டும் இருமடங்கு. ஒற்றை எலக்ட்ரான் மட்டும் உள்ள இத்தகைய அயனிகளையே ஹைட்ரஜன் ஒத்த அணுக்கள் என்கிறோம். எலக்ட்ரானை இழக்காத சாதாரண ஹீலியம் இந்தக் கணக்கில் சேராது. அதன் இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று விலக்குவதால், 587.6 நானோமீட்டரில் உள்ள அதன் மஞ்சள் கோட்டை இந்தச் சூத்திரத்தால் எப்படி முயன்றாலும் வரவழைக்க முடியாது.

ஹைட்ரஜன் ஒத்த அணுவில் n என்ற குவாண்டம் எண் கொண்ட மட்டத்தின் ஆற்றல்:

E = −13.6 Z²/n² எலக்ட்ரான் வோல்ட்

Z என்பது கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. எலக்ட்ரான் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும்போது, இரண்டுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒரு ஃபோட்டானாக வெளியேறுகிறது. அதன் அலைநீளத்தை நேரடியாகக் கணிக்க இப்படி எழுதலாம்:

1/λ = R Z² (1/n₁² − 1/n₂²)

R என்பது ரிட்பெர்க் மாறிலி. n₁ கீழ்மட்டம், n₂ மேல்மட்டம்.

ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டைத் தரும், 3லிருந்து 2க்கு இறங்கும் தாவலை எடுப்போம். Z = 1. அடைப்புக்குள் 1/4 − 1/9 = 5/36. இப்போது ஹீலியம் அயனியில் 6லிருந்து 4க்கு. அடைப்புக்குள் 1/16 − 1/36 = 5/144. Z² = 4ஆல் பெருக்கினால் இதுவும் 5/36தான். இது தற்செயல் அல்ல. Z = 2 என்னும்போது Z²/n² என்பது 1/(n/2)² ஆகிவிடுகிறது. அயனியின் 4ஆம் மட்டம் ஹைட்ரஜனின் 2ஆம் மட்டத்தின் மேலும், 6ஆம் மட்டம் 3இன் மேலும் உட்கார்ந்துகொள்கின்றன. இரண்டு அணுக்களிலும் அவற்றின் ஆற்றல் −3.40, −1.51 எலக்ட்ரான் வோல்ட். அயனியின் 7ஆம் மட்டத்துக்கோ ஹைட்ரஜனில் இணை கிடையாது, அது 3.5 ஆகத் தெரியும். பிக்கரிங் கண்ட அரை எண்கள் இப்படித்தான் வந்தன.

அப்படியானால் 6லிருந்து 4க்கு இறங்கும் கோடும் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அளந்து பார்த்தால் விழவில்லை. காற்றில் ஹைட்ரஜனுடையது 656.28 நானோமீட்டர், அயனியுடையது 656.01. ஆங்கிலேய வானியலாளர் ஆல்ஃபிரட் ஃபௌலர் போரின் விளக்கத்தை மறுத்தது இத்தகைய சிறு வித்தியாசத்தைக் காட்டித்தான். அயனிக்கும் ஹைட்ரஜனுக்கும் R Z² மதிப்புகளின் விகிதம் சரியாக 4 ஆக இருக்க வேண்டும், ஆனால் அளவீடு 4.0016 என்கிறதே என்று கேட்டார். நியாயமான கேள்வி.

போரின் பதில் கருவைப் பற்றியது. மேலே உள்ள கணக்கில் கரு அசையாமல் நிற்பதாக எடுத்துக்கொண்டோம். உண்மையில் எலக்ட்ரானும் கருவும் தங்கள் பொது நிறைமையத்தைச் சுற்றியே இயங்குகின்றன. அதனால் R-ஐ (1 + m/M) என்பதால் வகுக்க வேண்டும். m எலக்ட்ரானின் நிறை, M கருவின் நிறை. புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம், ஹீலியம் கரு சுமார் 7294 மடங்கு. கனமான கரு குறைவாகவே ஆடும். ஆகவே ஹைட்ரஜனுக்கு R = 10967758, ஹீலியம் அயனிக்கு R = 10972227, இரண்டும் ஒரு மீட்டருக்கு. Z²-ஐயும் சேர்த்தால் விகிதம் 4.00163. ஃபௌலர் அளந்ததும் அதுதான்.

இந்த மாறிலிகளை வைத்து முடித்துவிடலாம். λ = 36/(5R) என்பதால், ஹைட்ரஜனுக்கு 7.2/10967758 = 656.47 நானோமீட்டர், அயனிக்கு 7.2/10972227 = 656.20. இவை வெற்றிடத்து மதிப்புகள். காற்றின் ஒளிவிலகல் எண் சிவப்பு ஒளிக்கு ஏறத்தாழ 1.000276. அதனால் வகுத்தால் 656.29, 656.02. அளவீட்டோடு மிஞ்சும் 0.01 மட்டங்களின் நுண்கட்டமைப்பிலிருந்து வருவது, இந்தச் சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, பின்னங்களைத் தசமமாக்கி முன்கூட்டியே முழுமையாக்குவது. 0.0625 − 0.0278 = 0.0347 என்று எழுதிவிட்டால் விடை 656.62 ஆகும். நாம் தேடும் வித்தியாசமே 0.27தான், பிழை அதைவிடப் பெரிதாகிவிட்டது. 5/144 என்று பின்னமாகவே வைத்திருந்து, கடைசியில் வகுப்பதே பத்திரம்.

இரண்டாவது பொறி இன்னும் வேடிக்கையானது. 1240-ஐ எலக்ட்ரான் வோல்ட்டால் வகுத்தால் நானோமீட்டர் வரும் என்ற குறுக்குவழியையும் 13.6-ஐயும் சேர்த்துப் பயன்படுத்தினால், ஹைட்ரஜனுக்கு 656.47 வரும். சரியான வெற்றிட மதிப்பு! ஆனால் கருவின் அசைவை இந்தக் கணக்கு தொடவே இல்லை. துல்லியமான 1239.84, 13.6057 ஆகியவற்றைப் போட்டால் 656.11தான் வருகிறது. இரண்டு எண்களின் முழுமையாக்கல் பிழைகள் சேர்ந்து, விடுபட்ட திருத்தத்தை ஈடுகட்டியிருக்கின்றன. அதே குறுக்குவழி ஹீலியம் அயனிக்கும் 656.47 என்றே சொல்லும், அது தவறு. ஒரு விடை நன்றாகப் பொருந்துவதை மட்டும் பார்த்து முறையை நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

விண்மீனில் இன்னொரு சிக்கல் உண்டு. வேகமாகச் சுழலும் வெப்பமான விண்மீன்களில் கோடுகள் அகன்றுவிடுவதால், 0.27 நானோமீட்டர் இடைவெளி மறைந்து இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். 8லிருந்து 4, 10லிருந்து 4 ஆகிய கோடுகளுக்கும் இதே கதி, அவையும் பாமர் கோடுகளோடு ஒட்டிக்கொள்கின்றன. எனவே ஹீலியம் அயனி இருக்கிறதா என்று அறிய, ஹைட்ரஜனில் இணை இல்லாத ஒற்றைப்படை மட்டங்களையே பார்க்கிறார்கள். 7லிருந்து 4க்கு 541.2 நானோமீட்டர், 9லிருந்து 4க்கு 454.2. இரண்டாவதை, 447.1இல் விழும் சாதாரண ஹீலியத்தின் கோட்டோடு ஒப்பிட்டே, மிக வெப்பமான O வகை விண்மீன்களின் உட்பிரிவு தீர்மானிக்கப்படுகிறது. அயனியின் கோடு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அந்த அளவுக்கு விண்மீன் வெப்பமானது.